பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு வட்டத் தேவாலயம்

ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ எழும்பூர் செல்லும் நம் மாணவர்கள் பலரும் பேருந்திலிருந்தபடியே புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். பழைய பூந்தமல்லி நெடுஞ்சாலையில், அதாவது இன்றைய பெரியார் ஈ.வெ.ரா. சாலையில், எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே அது நிற்கிறது. ஐரோப்பியர் ஆட்சிக்காலக் கட்டடக்கலைப் பாடத்தில் பல ஆண்டுகளாக அதை ஒரே வரியில் முடித்துவிடுவேன்: "லண்டனில் உள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தின் நகல்."

ஒரு முறை படத்தைக் காட்டி அதே வரியைச் சொன்னபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "அங்கே கூவம் பக்கத்தில் இருக்கே, சார். ஈர மண்ணில் இவ்வளவு கனம் எப்படி நிக்குது?" என்று கேட்டான். அவனுடைய அப்பா வீடுகளுக்குக் கிணற்று உறை இறக்கும் தொழிலாளி. எனக்கு உடனே விடை தெரியவில்லை. தேடிப் படித்த பிறகு, "நகல்" என்று நான் சொன்னது பாதி உண்மைதான் என்று புரிந்தது. அந்தப் பாடத்தை இப்போது மூன்று கேள்விகளாகப் பிரித்து நடத்துகிறேன்.

முதல் கேள்வி: ஏன் வட்டம்?

லண்டன் புனித மார்ட்டின் தேவாலயத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கிப்ஸ். அது 1726இல் கட்டி முடிக்கப்பட்டது. முன்னால் தூண்கள் நிற்கும் முகமண்டபம், அதன் பின்னிருந்து எழும் கூர்கோபுரம் என்ற அந்த முகப்பு, கிப்ஸ் 1728இல் வெளியிட்ட வரைபட நூல் வழியாகக் கடல் கடந்த ஊர்களுக்கெல்லாம் பரவியது. சென்னையில் 1815இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் பேராலயத்திலும் அதே முகப்பைக் காணலாம். ஆனால் அதன் உட்புறம் நீள்சதுரம். ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டில் திருவிருந்து மேசைக்கு முக்கிய இடம் உண்டு. மக்கள் அதை நோக்கி வரிசையாக அமர்வதற்கு நீண்ட கூடம் பொருந்துகிறது.

புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியவர்கள் ஸ்காட்லாந்துத் திருச்சபையினர். அவர்களுடைய வழிபாட்டின் நடுநாயகம் மறையுரை. எல்லாருக்கும் பிரசங்கியார் தெரிய வேண்டும், அவர் பேசுவது கேட்க வேண்டும். கிப்ஸின் நூலில், செலவு கூடுதல் என்று லண்டனில் கைவிடப்பட்ட ஒரு வட்ட வடிவத் திட்டமும் அச்சாகியிருந்தது. சென்னைத் தேவாலயத்தின் வரைபடம் அதற்கு மிக நெருக்கமானது. லண்டனில் ஏட்டளவில் நின்றுபோன வடிவம் எழும்பூரில் எழுந்தது.

இதைக் கணக்காகவும் செய்யலாம். இங்குள்ள குவிமாடத்தின் விட்டம் 51.5 அடி. அது மூடும் பரப்பு ஏறத்தாழ 2,083 சதுர அடி. அதே பரப்பை 26 அடி அகலமுள்ள கூடமாக ஆக்கினால் நீளம் 80 அடி வரும். பிரசங்கியார் ஓரத்தில் நின்றாலும், வட்டத்தில் கடைசி ஆள் 51.5 அடி தொலைவுக்குள் இருப்பார். நீண்ட கூடத்தில் அவர் 80 அடிக்கு அப்பால் இருப்பார். கணித ஆசிரியருடன் சேர்ந்து நடத்தினால் வழிபாட்டு முறைக்கும் வரைபடத்துக்கும் உள்ள உறவு மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். வட்டத்துக்கு ஒரு குறையும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும்: வழவழப்பான குவிமாடம் ஒலியைக் குவித்து எதிரொலியாகத் திருப்பி அனுப்பும்.

இரண்டாம் கேள்வி: ஈர மண்ணில் எப்படி நிற்கிறது?

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை அவன் வீட்டிலேயே இருந்தது. 1818இல் பணி தொடங்கியபோது பொறியாளர் தாமஸ் டி ஹாவிலாண்ட் இங்கே வழக்கமான அடித்தளம் போடவில்லை. சுமார் 150 கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை நிறுத்தினார். இடத்துக்கு ஏற்ப அவற்றின் ஆழம் 14 அடி முதல் 50 அடி வரை இருந்தது. கீழடி அகழாய்வில் கிடைத்த உறைக்கிணறுகளை நம் மாணவர்கள் பாடத்தில் படிக்கிறார்கள். அந்த நெடுங்காலத் தொழில்முறைதான் இங்கே அடித்தளமாயிற்று.

வகுப்பில் இதைச் செய்துகாட்ட ஒரு வாளி ஈர மணலும், இரு பக்கமும் திறந்த தகர டப்பாவும் போதும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காதபடி ஆசிரியரே முதலில் மழுக்கிவிட வேண்டும். டப்பாவை மணல்மேல் நிறுத்தி, அதன் மேல் சிறு பளு வைத்து, உள்ளேயிருக்கும் மணலைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள். அடியில் பிடிமானம் குறையக் குறைய டப்பா தானாகவே இறங்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தோண்டினால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். உண்மையான உறை இறக்குவதிலும் இதுவே பெரிய தவறு. அதனால்தான் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சுற்றிலும் சமமாகத் தோண்டுகிறார்கள். இறங்கிய பின் டப்பாவுக்குள் மணலை இறுக நிரப்பி, மேலே செங்கல் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் வெறும் மணல்மேல் வைத்த செங்கல் எவ்வளவு அமிழ்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். கிணற்றின் பக்கச் சுவர் மண்ணோடு உராய்ந்து பளுவைப் பகிர்ந்துகொள்கிறது. அடிப்பகுதி மேல்மண்ணைத் தாண்டி ஆழத்தில் ஊன்றி நிற்கிறது.

மூன்றாம் கேள்வி: கரையானும் மழையும் என்ன செய்தன?

லண்டன் தேவாலயத்தின் கூரையைத் தாங்குவது மரச்சட்டகம். சென்னையில் அப்படிக் கட்டினால் கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்பாது. ஆகவே இங்கே மரச்சட்டகம் தவிர்க்கப்பட்டது. 16 தூண்களின் மேல் செங்கல் வளைவு வட்டமாகச் சுற்றிவர, அதன்மேல் குவிமாடம் எழுந்தது. பளு கூடாதிருக்க, கட்டுமானத்தின் இடைவெளியில் சுட்ட மண் கூம்புகளை அடுக்கினார்கள். உள்ளே வெற்றிடம் உள்ள மட்பாண்டம், இடத்தை நிரப்பும், ஆனால் கனக்காது. ஆக, கொத்தனாரோடு குயவரும் இந்தக் கூரையில் பங்கேற்றிருக்கிறார்.

வெளியே மின்னும் வெண்மை சலவைக்கல் அன்று. அது சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நன்றாக அரைத்து, கடுக்காய்நீர், வெல்லம், முட்டை வெண்கரு போன்றவற்றைச் சேர்த்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்ப்பது அந்நாளைய முறை. சுண்ணாம்புப் பூச்சு சுவருக்குள் புகுந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும். இத்தகைய சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சில ஆண்டுகளில் வெள்ளை உப்பு பூக்கும், பூச்சு உப்பும், விரலால் தட்டினால் பொள்ளல் ஒலி கேட்கும். உங்கள் ஊரில் பழைய சுண்ணாம்புச் சுவர் ஒன்று இருந்தால், உரியவரிடம் கேட்டுக்கொண்டு, மாணவர்களை மெதுவாகத் தட்டிக் கேட்கச் சொல்லுங்கள். சுரண்ட விடாதீர்கள்.

1821 பிப்ரவரியில் இத்தேவாலயம் திறக்கப்பட்டது. முகப்பு லண்டனுடையது. வட்டம் ஸ்காட்லாந்து வழிபாட்டுக்காக வந்தது. அடித்தளமும் பூச்சும் இந்த மண்ணின் தொழிலாளர்கள் அறிந்தவை. மரமற்ற கூரையைக் கேட்டது நம் தட்பவெப்பம். தரங்கம்பாடியிலோ புதுச்சேரியிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு பழைய தேவாலயத்தைப் பார்க்கும்போதும் இந்த மூன்று கேள்விகளையே கேட்கலாம். விடைகள் ஊருக்கு ஊர் வேறுபடும்.

அந்த மாணவனை மறுவாரம் வகுப்பின் முன்னால் அழைத்து, உறை இறக்குவதை விளக்கச் சொன்னேன். அப்பாவிடம் கேட்டு வந்ததாகச் சொல்லி, கரும்பலகையில் தூக்குக்குண்டின் படம் வரைந்தான். உறை சாய்ந்துவிட்டால், உயர்ந்து நிற்கும் பக்கத்தின் அடியில் தோண்டி நேராக்குவார்கள் என்றான். அது நான் படித்த எந்தக் குறிப்பிலும் இல்லை. அன்று நானும் கரும்பலகையைப் பார்த்து அதைக் குறித்துக்கொண்டேன்.