நம்ம எதிர்ப்பு சக்தி நம்மளை என்ன பண்ணும்?

"இது கீமோ இல்லையே டாக்டர், நம்ம எதிர்ப்பு சக்திதானே? அது நம்மளையே என்ன பண்ணிடும்?" இம்யூனோதெரபி எடுக்கும் புற்றுநோயாளிகளிடமிருந்து வாரம் தவறாமல் இதைக் கேட்கிறேன். கேட்பவர்களில் படித்தவர்கள்தான் அதிகம். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

என்ன பண்ணும்? குடலைப் புண்ணாக்கும், கல்லீரலை வீங்கவைக்கும், அபூர்வமாக இதயத் தசையையே தாக்கும். நம் உடம்பையே எதிரியாகப் பார்க்கும் டி செல்கள் எல்லோரிடமும் கொஞ்சம் உண்டு. தைமஸ் சுரப்பி பெரும்பாலானவற்றைக் களைந்துவிடுகிறது. தப்பித்தவற்றை அடக்கிவைக்கும் பிரேக்குகளில் சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற இரண்டும் முக்கியமானவை. புற்றுநோய் இந்தப் பிரேக்கை மிதித்தே தப்பிக்கிறது. மருந்து அதை விடுவிக்கிறது. ஆனால் கட்டியைத் தேடும் செல் எது, குடலைத் தேடும் செல் எது என்று மருந்துக்குத் தெரியாது. சிடிஎல்ஏ-4 மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் பிறந்து சில வாரங்களிலேயே இறந்துபோனதை 1995-லேயே பார்த்துவிட்டார்கள். அவற்றின் இதயத்திலும் கணையத்திலும் டி செல்கள் புகுந்திருந்தன.

நுரையீரல் புற்றுநோய்க்குப் பெம்ப்ரோலிசுமாப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், 60 கிலோ எடை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு, நாளுக்கு ஒருமுறை போனவர் எட்டுமுறை போனார். வீட்டில் மோர்க்கஞ்சி, மருந்துக்கடையில் லோபரமைடு. பத்து நாள் கழித்து, நாக்கு வறண்டு, சக்கர நாற்காலியில் வந்தார். மலப் பரிசோதனையில் கிருமி இல்லை. உள்நோக்கியில் பெருங்குடல் சிவந்து, தொட்டாலே ரத்தம் கசிந்தது. மெத்தில் பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதாவது நாளுக்கு 120. மூன்று நாளாகியும் போக்கு குறையவில்லை. காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு இன்ஃப்ளிக்சிமாப் 300 மில்லிகிராம் ஏற்றினோம். அதன்பின்தான் அடங்கியது. இரண்டாம் நாளே வந்திருந்தால் ஸ்டீராய்டோடு முடிந்திருக்கலாம். வழக்கத்தைவிட நான்கு தடவை கூடினாலே போன் செய்யுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

"ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றுநோய் மருந்து வீணாகிவிடும்" என்பது இன்னொரு கதை. பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்ததாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. பாதியில் தானாக நிறுத்தினால்தான் ஆபத்து; நான்கு முதல் ஆறு வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

"ஊசி முடிந்தால் எல்லாம் முடிந்தது." இல்லை, பக்கவிளைவு மாதங்கள் கழித்தும் வரும். "வந்தாலும் சரியாகிவிடும்." குடல் பெரும்பாலும் ஆறும், அழிந்த தைராய்டு திரும்பாது, தினமும் காலையில் மாத்திரைதான்.

என் பிடிவாதம் ஒன்று உண்டு. என் நோயாளிகள் எல்லோருடைய சட்டைப்பையிலும் ஓர் அட்டை இருக்கும். மருந்தின் பெயர், கடைசி ஊசியின் தேதி, என் எண். அடியில் சிவப்பு மையில்: "இவருக்குக் கீமோ அல்ல. வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி எதுவானாலும் முதலில் என்னை அழைக்கவும். நள்ளிரவானாலும்."