மலம் தார் மாதிரி போனா ஒரு நாள்கூட காத்திருக்காதே

தங்கச்சி, போன மாசம் சித்தப்பாவுக்கு நடந்ததை போன்ல பாதிதான் சொன்னேன். உன் மாமனாரும் மூட்டு வலிக்கு மாத்திரை போடறவர், அதனால மீதியை எழுதறேன்.

சித்தப்பாவுக்கு 64 வயசு. இதயத்துல ஸ்டென்ட் வச்சதிலிருந்து தினமும் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் சாப்பிடறார். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி, மூணு வாரமா காலையும் ராத்திரியும் போட்டிருக்கார். வயித்து வலியே இல்லை. ஒரு நாள் மலம் கருப்பா போச்சு. தான் சாப்பிடற இரும்புச்சத்து மாத்திரையாலன்னு நினைச்சு விட்டுட்டார். மறுநாள் கக்கூஸ்ல இருந்து எழுந்திரிக்கும்போது கண்ணு இருட்டி சுவத்துல சாஞ்சுட்டார். அப்பத்தான் சித்தி என்னைக் கூப்பிட்டாங்க.

எண்டோஸ்கோப்பி அறையில வேலை பார்க்கறவ நான், அதனால முதல்ல கேட்டது இதைத்தான்: "தண்ணி ஊத்தினா போகுதா, ஒட்டுதா சித்தி? நாத்தம் எப்படி இருக்கு?" தார் மாதிரி ஒட்டுது, வீடே நாறுதுன்னாங்க. இரும்பு மாத்திரையால வர்ற கருப்பு கரும்பச்சையா, கெட்டியா இருக்கும். இப்படி ஒட்டாது, இந்த நாத்தமும் வராது. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் இந்த மூணுல எங்கேயாவது ரத்தம் கசிஞ்சா, அது குடல் வழியா இறங்கி வர்றதுக்குள்ள செரிச்சுக் கருத்துப் போகும். பெரும்பாலும் அதுதான் அந்தத் தார். மேல இருந்து ரத்தம் வேகமா கொட்டினா கருக்க நேரமில்லாம சிவப்பாவே வரும். அது இன்னும் ஆபத்து.

வலியே இல்லாம புண்ணு எப்படி வந்துச்சுன்னு சித்தி கேட்டாங்க. உடம்புல வலியைக் கூட்டற ஒரு பொருள்தான் இரைப்பையோட உள்தோலையும் காப்பாத்துது. வலி மாத்திரை அதைக் குறைக்கும்போது வலியும் அடங்கும், பாதுகாப்பும் போயிடும். அதனால பல பேருக்கு ரத்தம் போறதுதான் புண்ணு இருக்குன்னு தெரியற முதல் அடையாளம். அவருக்கு ஆஸ்பிரினும் சேர்ந்ததால ஆபத்து இன்னும் கூடிடுச்சு. ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமியும் இன்னொரு பெரிய காரணம். கல்லீரல் சுருங்கிப் போனவங்களுக்கு உணவுக்குழாய் ரத்தக்குழாய் புடைச்சு வெடிக்கலாம். அவங்க ரத்த வாந்தி எடுத்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது.

சித்திக்கு நான் சொன்னது: படுக்க வைங்க, தனியா கக்கூஸ் போக விடாதீங்க, சாப்பிட ஒண்ணும் கொடுக்காதீங்க, பைக்ல ஏத்தாம 108-க்கு போன் பண்ணுங்க, அவர் போடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் பையில போட்டுக்கோங்க. அந்த அட்டையைப் பார்த்துத்தான் டாக்டருக்கு விஷயம் புரிஞ்சுது.

ஆஸ்பத்திரியில ஹீமோகுளோபின் 11.2. தம்பி "நல்லாத்தானே இருக்கு, வீட்டுக்குப் போகலாமா"ன்னு கேட்டான். இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க. ரத்தம் போன உடனே அந்த எண் இறங்காது. ரத்தக்குழாய்க்கு வெளியே இருந்து நீர் உள்ளே வந்து ரத்தம் நீர்த்த பிறகுதான் இறங்கும். ஆனா நாடி 118, பிரஷர் 96. அதுதான் உண்மையைச் சொல்லிச்சு. மறுநாள் காலையில ஹீமோகுளோபின் 7.4. இதய நோயாளிங்கறதால ஒரு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க.

அமிலத்தைக் குறைக்கற ஊசி போட்டாச்சே, எண்டோஸ்கோப்பி எதுக்குன்னு நீயும் கேட்கலாம். அந்த ஊசி புண்ணு ஆற உதவும், வெடிச்ச ரத்தக்குழாயை மூடாது. ரத்தம் எங்கிருந்து வருதுன்னு ரத்த டெஸ்ட்டுலயும் தெரியாது. கேமரா உள்ளே போனாத்தான் தெரியும், பார்த்த இடத்துலயே அடைக்கவும் முடியும். ஆனா உள்ளே கொண்டுவந்த உடனே குழாயை விட மாட்டாங்க. முதல்ல டிரிப் ஏத்தி நாடியையும் பிரஷரையும் நிலைப்படுத்தி, 24 மணி நேரத்துக்குள்ள பண்ணுவாங்க. கல்லீரல் காரணம்னா 12 மணி நேரத்துக்குள்ள. ஹாங்காங்ல நடந்து 2020-ல வெளியான ஆய்வுல, 6 மணி நேரத்துக்குள்ள அவசரமா பண்ணினதால உயிர் பிழைக்கறவங்க அதிகமாகலைன்னு பார்த்திருக்காங்க. அதனால ராத்திரியே ஏன் பண்ணலைன்னு சண்டை போடாதே. நாடி ஏறிக்கிட்டே போனா மட்டும் நர்ஸை உடனே கூப்பிடு.

சித்தப்பாவுக்கு முன்சிறுகுடல்ல புண்ணு, நடுவுல ஒரு குழாய் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதைச் சுத்தி அட்ரினலின் ஊசி போட்டு, ரெண்டு கிளிப் மாட்டினாங்க. கசிவு நின்னுச்சு. திரும்ப ரத்தம் வர வாய்ப்பு முதல் மூணு நாள்ல அதிகம், அதனால அதுவரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே வச்சிருந்தாங்க. நின்ன பிறகும் ஓரிரு நாள் கருப்பா போச்சு. தலைசுத்தல் இல்லாததால யாரும் பயப்படலை.

டைக்ளோஃபெனாக்கை நிறுத்தியாச்சு. ஆஸ்பிரினை இதய டாக்டரே மூணாவது நாள் திரும்ப ஆரம்பிச்சு, கூடவே பேன்டோபிரசோல் கொடுத்தார். நாமளா ஆஸ்பிரினை நிறுத்தியிருந்தா ஸ்டென்ட் அடைச்சிருக்கலாம். கிருமி டெஸ்ட் இல்லைன்னு வந்துச்சு, ஆனா ரத்தம் போற நேரத்துல அது தப்பா வரலாம்ங்கறதால அடுத்த மாசம் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்காங்க.

இன்னிக்கு ராத்திரி உன் மாமனாரோட மாத்திரை டப்பாவைத் திறந்து, எந்த வலி மாத்திரை, எத்தனை நாளா, கூட ஆஸ்பிரின் இருக்கான்னு பார்த்து எனக்கு போட்டோ அனுப்பு.