முட்டை அட்டைக்கு ஒரு வாட்ஸ்அப் பதிவு

எங்கள் உழவர் குழுவின் வாட்ஸ்அப் சேனலுக்குப் பதிவு எழுதுவது ஒரு தம்பி. அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டுவார். வங்கியில் இருந்த காலத்தில் தலைமை அலுவலகச் சுற்றறிக்கைகளைப் படித்துப் படித்து, ‘இது யாருக்கு, எந்தத் தேதிக்குள், என்ன செய்யணும்?’ என்று தேடுவதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் இந்தப் பதிவையும் பார்த்தேன். சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு தொடங்கும் நேரத்துக்காக அவர் எழுதியிருந்தது இது:

“விவசாய சொந்தங்களுக்கு இனிய காலை வணக்கம்! இயற்கையைக் காப்போம், நஞ்சில்லா உணவு படைப்போம்! தற்போது இலைச்சுருட்டுப் புழு தாக்குதல் அதிகமாக உள்ளது. ட்ரைக்கோகிரம்மா முட்டை அட்டை கட்டினால் 100 சதவீதம் பலன். நம் குழுவில் கிடைக்கும். நாளை மதியத்துக்குள் சொல்லவும். தேவைப்படுவோர் கமெண்டில் தெரிவிக்கவும். அனைவருக்கும் பகிருங்கள்!”

கூடவே ஒரு யூடியூப் இணைப்பு, வரிசையாக நெற்கதிர் படங்கள்.

“நல்லாத்தானே சார் இருக்கு?” என்றார்.

“எந்த வயலுக்குத் தம்பி இது? ஆகஸ்டுல நட்டவனுக்கா, போன வாரம் நட்டவனுக்கா?” என்றேன்.

முட்டை அட்டை எப்போது வேண்டுமானாலும் கட்டுகிற பொருள் இல்லை. அட்டையிலிருந்து வெளிவரும் குளவி, பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கிறது. முட்டை பொரித்து, புழு இலையைச் சுருட்டி உள்ளே உட்கார்ந்துவிட்டால் குளவியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அப்போது அட்டை கட்டுகிறவருக்குக் காசு போகும். ‘இயற்கை முறை எல்லாம் வேலைக்கு ஆகாது’ என்று அடுத்த வரப்பில் நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். ஆக, இந்தப் பதிவின் உயிரே தேதிதான். அது மட்டும்தான் அதில் இல்லை.

அடுத்தது, சேனல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கணும். குரூப்பைப் போல இதில் யாரும் பதில் எழுத முடியாது. விருப்பக் குறி போடலாம். எத்தனை பேர் போட்டார்கள் என்று தெரியுமே தவிர, அட்டை கேட்டவர்களின் பட்டியலோ தொலைபேசி எண்ணோ கையில் கிடைக்காது. ‘கமெண்டில் தெரிவிக்கவும்’ என்பதற்கு இங்கே பொருளே இல்லை. எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குக் கூப்பிடுவது என்று பதிவிலேயே இருக்கணும். (பிராட்காஸ்ட் லிஸ்ட் வேறு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும்.)

சேனலில் பதிவு வந்தால் போன் மணி அடிக்காது. வேண்டும் என்று மாற்றி வைத்தவருக்குத்தான் அடிக்கும். மற்றவர்கள் அப்டேட்ஸ் பக்கத்தைத் திறக்கும்போது சேனல் பெயரும் பதிவின் தொடக்கமும் மட்டும் கண்ணில் படும். அந்த இடத்தில் ‘இனிய காலை வணக்கம்’ இருந்தால், வீட்டு குரூப்பில் வரும் ரோஜாப்பூ வணக்கத்துக்கும் நம் பதிவுக்கும் வித்தியாசம் தெரியாது. விரல் அடுத்ததற்குப் போய்விடும். வணக்கம் சொல்வது மரியாதைதான், மறுக்கவில்லை. உழவனின் நேரத்தை மதிப்பதும் மரியாதைதானே.

‘நாளை’ என்ற சொல்லையும் எடுக்கச் சொன்னேன். நம் பதிவை யாரோ ஊர் குரூப்புக்கு அனுப்புவார்; அங்கிருந்து அடுத்த வருஷம்கூட ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவார். அனுப்பிய நேரம்தான் தெரியும், நாம் எழுதிய நாள் தெரியாது. ‘நாளை மதியத்துக்குள்’ என்பது அப்போது பொய்யாகிவிடும். தேதியை ஆண்டோடு எழுதினால் பழைய பதிவு என்று படித்தவருக்கே விளங்கும்.

‘100 சதவீதம் பலன்’ என்பதையும் அடித்தேன். இந்த வார்த்தையைப் பார்த்தாலே உழவனுக்கு உரக்கடை நோட்டீஸ் ஞாபகம் வரும். எப்போது பலன் தராது என்று ஒரு வரி எழுதினால், மற்ற வரிகளை நம்பிப் படிப்பார்கள்.

யூடியூப் இணைப்பைத் திறந்து பார்த்தோம். 14 நிமிடப் படம். அட்டை கட்டும் காட்சி பாதிக்கு மேல்தான் வருகிறது. வயலில் நிற்பவர் அதைப் பார்க்க மாட்டார். அதில் இருக்கிற மூன்று செய்தியை நாமே எழுதிவிட்டு இணைப்பை நீக்கினோம். நெற்கதிர் படங்களுக்குப் பதிலாக, அந்துப்பூச்சியைக் கிட்ட வைத்து எடுத்த ஒரே படம்.

இதன்பின் தம்பி திருத்தி எழுதியது:

“அக்டோபர் 5 முதல் 10க்குள் சம்பா நட்டவர்களுக்கு: இலைச்சுருட்டுப் புழுவுக்கு முதல் முட்டை அட்டை நவம்பர் 11 – 16க்குள் கட்டணும். (பதிவு நாள்: 3.11.2025)

வேறு தேதியில் நட்டவர்கள், நட்ட நாளிலிருந்து 37, 44, 51ஆம் நாள் என்று எண்ணிக்கொள்ளவும்.

முதலில் வயலைப் பாருங்கள். பயிரைத் தட்டினால் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், இறக்கையில் நெளிநெளியாகக் கருங்கோடு உள்ள சின்ன அந்து பறக்கிறதா? அது முட்டை வைக்கும் நேரம், அட்டை கட்டலாம். இலை சுருண்டு உள்ளே பச்சைப் புழு இருந்தால் அந்தப் புழுவுக்கு அட்டை உதவாது.

ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 2 சிசி. ‘ட்ரைக்கோகிரம்மா கைலோனிஸ்’ என்று பெயர் சொல்லி வாங்கவும். சிறு துண்டுகளாக வெட்டி வயல் முழுக்கப் பரவலாக, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் குத்தி வைக்கவும். அந்த வாரம் எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம்.

அட்டை வேண்டுவோர் நவம்பர் 7 மாலைக்குள், காலை 7 – 9 மணிக்கு இந்த எண்ணில் கூப்பிடவும். ஏக்கர், நட்ட தேதி இரண்டையும் சொல்லவும்.”

கீழே எண்ணும், ஒரு சிசி அட்டையின் விலையும். முதல் வரியின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டு அதை மட்டும் தடித்த எழுத்தாக்கினோம். எல்லா வரியையும் தடிமனாக்கினால் எதுவும் தனியாகத் தெரியாது.

பெயர் சொல்லி வாங்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம் என்கிற வேறு குளவி. அதை 30, 37ஆம் நாள் விடணும். அதையும் இதே பதிவில் சேர்க்கலாம் என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். இரண்டு பூச்சி, இரண்டு பெயர், இரண்டு வரிசைத் தேதி என்றால், படித்தவர் கடையில் போய் நிற்கும்போது எது எதற்கு என்று குழம்புவார். ஒரு பதிவுக்கு ஒரு வேலைதான்.

புழு ஏற்கெனவே வந்துவிட்டவர்களை விட்டுவிடவும் முடியாது. அவர்களுக்கு இரண்டு நாள் கழித்துத் தனிப் பதிவு. ‘இலை சுருண்டவர்களுக்கு’ என்று தொடங்கினோம். தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலைக்குமேல் சேதம் இருந்தால் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல்: ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு, 200 லிட்டர் தண்ணீர். அதற்குக் குறைவாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் எழுதினோம்.

பதிவு உதவியதா என்பதை விருப்பக் குறியை வைத்து நான் எடைபோடுவதில்லை. பொங்கல் வாழ்த்துக்குத்தான் அது அதிகம் விழுகிறது. வருகிற போனைக் கவனிக்கச் சொன்னேன். ‘என்ன அட்டை, எதுக்கு?’ என்று கேட்டால் முதல் வரி சரியில்லை. ‘12ஆம் தேதி நட்டேன், 18 கட்டலாமா?’ என்று கேட்டால் பதிவு வேலை செய்திருக்கிறது. அவர் 37 நாளை எண்ணிப் பார்த்துவிட்டார்.

இந்த முறை மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “மூணு தடவைக்கும் சேர்த்து ஒரேடியா வாங்கி வெச்சுக்கலாமா?” கூடாது. சில நாளில் குளவி வெளிவந்துவிடும். ஒவ்வொரு தடவைக்கும் புதிதாக வாங்கணும். சேனல் பதிவை 30 நாள் வரை திருத்தலாம் என்பதால் அந்த வரியைச் சேர்த்துவிட்டோம். ஆனால் ஏற்கெனவே மற்ற குரூப்புகளுக்குப் போன நகல்கள் மாறாது. அதனால் இரண்டாவது அட்டைக்கான நினைவூட்டலில் அதையே முதல் வரியாக வைத்தோம்.