18 கிலோ நாய்க்கு ஓராண்டுச் செலவு

நாய் வாங்கப் போகிறவர்கள் முதலில் குட்டியின் விலையை விசாரிக்கிறார்கள். ஆண்டுச் செலவைத் தீர்மானிப்பதோ அது வளர்ந்த பின் இருக்கப்போகும் எடை. சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், கருத்தடை செய்த 18 கிலோ நாட்டுநாய் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்குள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்கானவை. அந்த இடத்தில் அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 980 கலோரி தேவை. கடையில் விற்கும் உலர் தீவனத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி இருக்கும், மூட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். அப்படியானால் தினம் 280 கிராம், ஆண்டுக்கு 102 கிலோ. கிலோ 250 ரூபாய் என்றால் 25,500 ரூபாய்.

வீட்டுச் சாப்பாடு இதைவிட மலிவு. 200 கிராம் அரிசியைக் குழைய வேகவைத்து, இரண்டு முட்டையும் 100 கிராம் கோழிக்கறியும் சேர்த்தால் அதே கலோரி கிடைத்துவிடும். அரிசிக்கு 10, முட்டைக்கு 12, கறிக்கு 24 என்று நாளுக்கு 46 ரூபாய், ஆண்டுக்கு 16,790. நாளிதழில் வரும் நாமக்கல் முட்டை விலையும் பல்லடம் கறிக்கோழி விலையும் பண்ணை விலைகள். கடையில் கொடுக்கும் காசைத்தான் எழுத வேண்டும். இந்தச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து போதாது. மருத்துவர் சொல்லும் சத்துப்பொடிக்கு 3,000 ரூபாய் கூட்டினால் 19,790 ஆகிறது.

மருத்துவச் செலவில் தடுப்பூசி சிறிய பங்குதான். ஆண்டுக்கொரு கூட்டுத் தடுப்பூசி 900, வெறிநோய் ஊசி 400, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மாத்திரை வகையில் 400, மூன்று முறை மருத்துவரைப் பார்க்க 1,200, மொத்தம் 2,900. அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனால் இது நன்றாகக் குறையும். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டி நடக்கும் முகாம்களில் வெறிநோய் ஊசியை இலவசமாகவும் போடுகிறார்கள்.

பெரிய செலவு உண்ணி மருந்து. மாதம் 500 என்றால் ஆண்டுக்கு 6,000. ஆடுமாடு மேயும் தோட்டத்தில் இதை மிச்சம் பிடிப்பது ஆபத்து. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்டைத் தொடாது. ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வடியும். ரத்தப் பரிசோதனை, நான்கு வாரம் வரை மாத்திரை, தேவைப்பட்டால் குளுக்கோஸ் என்று ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கில் போய்விடும். இதற்கென 5,000 ரூபாயைத் தொடாமல் வைத்தால், வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கில் மொத்தம் 33,690. மாதம் சுமார் 2,800.

குட்டியாக இருந்தால் முதல் ஆண்டுக் கணக்கு வேறு. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி பதினாறு வாரம் வரை கூட்டுத் தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்; புழு மருந்தும் அடிக்கடி கொடுக்க வேண்டும். கருத்தடைச் செலவும் அதில் சேரும்.

கட்டிக்கிடக்கும் நாய்க்கும் தோட்டம் முழுக்க ஓடும் நாய்க்கும் தீனி ஒன்றல்ல. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தினாலும் தெரியாவிட்டால் அரிசியைக் குறைக்கலாம். புழு மாத்திரைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எடை போட்டு, சாப்பாட்டுக் கணக்கைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம்.