முகாமில் பார்த்த மேலாளரிடம் மறுபடி பேசுவது எப்படி?

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதித்தான் நான் வேலைக்கு வந்தேன். இப்போது ஒரு நூற்பாலையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். சேலத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடந்தால் ஆலையின் சார்பில் மேசை போட்டு உட்காருவேன். முகாம் முடிந்த மறுநாளிலிருந்து வரும் அழைப்புகளையும் செய்திகளையும் பல வருடமாகப் பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். முகாமில் நன்றாகப் பேசிய பிள்ளைகள் பலர் அதன்பிறகு வாயே திறப்பதில்லை. பேசுகிறவர்களில் பலர் தினமும் கூப்பிட்டு எரிச்சலூட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது.

முதலில் மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முகாமில் ஒரே நாளில் கட்டுக்கட்டாக பயோடேட்டா சேரும். பிடித்தவர்களின் தாள் மூலையில் பேனாவால் ஒரு குறி போடுவோம். திங்கட்கிழமை அந்தக் கட்டு ஆலைக்குப் போகும். ஆனால் முடிவு பெரும்பாலும் எங்கள் கையில் இல்லை. கணக்குப் பிரிவுக்கு ஆள் என்றால் கணக்கு மேலாளர் பார்க்க வேண்டும், சம்பளத்துக்கு முதலாளி தலையாட்ட வேண்டும். 'புதன்கிழமைக்குள் சொல்கிறோம்' என்று நாங்கள் சொல்வது உண்மையான எண்ணத்தோடுதான். அந்த இரண்டு பேரும் ஒரே நாளில் ஊரில் இல்லாவிட்டால் பேச்சு தள்ளிப்போகும். பதில் வராததை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதனால் மேசையை விட்டு நகரும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களிடம் பேசியவரின் பெயர், எந்த நாளுக்குள் தெரியும், எந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம். 'வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா சார்?' என்று அங்கேயே கேட்டுவிட்டால் பின்னால் அனுப்பும் செய்தி தொந்தரவாகத் தெரியாது. எண் தர மனமில்லாதவரின் எண்ணை வேறெங்காவது தேடிப் பிடிக்க வேண்டாம். நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கே எழுதுங்கள்.

எங்கள் பேட்டைப் பெண் ஒருத்தி செய்ததைச் சொன்னால் மீதி விளங்கும். பி.காம். முடித்தவள், வெல்ல மண்டி ஒன்றில் டேலி போடுகிறவள். ஒரு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடந்த முகாமில் எங்கள் மேசைக்கு வந்தாள். 'இ-வே பில் தனியாகப் போடுவாயா அம்மா?' என்று கேட்டேன். போடுவேன் என்றாள். அன்று மாலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து இப்படிச் செய்தி வந்தது:

'வணக்கம் சார். இன்று முகாமில் கணக்கு உதவியாளர் வேலைக்காக உங்களைச் சந்தித்தேன். இ-வே பில் பற்றிக் கேட்டீர்கள். இப்போதுள்ள மண்டியில் வெளியூர் லோடுகளுக்கு நானே போடுகிறேன், வண்டி மாறினால் பகுதி-பி திருத்துவதும் தெரியும். பயோடேட்டா இணைத்துள்ளேன். புதன்கிழமை வரை காத்திருக்கிறேன் சார்.'

இதில் கெஞ்சல் இல்லை, குடும்பக் கஷ்டம் இல்லை. நான் கேட்ட கேள்வி இருக்கிறது, அதற்கு வேலை தெரிந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய பதில் இருக்கிறது. திங்கட்கிழமை அந்தக் கட்டைப் பிரித்தபோது 'பகுதி-பி பெண்' என்று அவள் தாளை உடனே எடுக்க முடிந்தது. அன்றே செய்தி அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். நினைவு அழியாதபோது வந்தால்தான் முகமும் தாளும் சேரும்.

புதன் போயிற்று. எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வியாழன் அவள் பேசவில்லை. வெள்ளி காலை பதினொரு மணிக்கு இரண்டாவது செய்தி வந்தது: 'சார், கணக்குப் பிரிவில் 20-ஆம் தேதி 3பி தாக்கல் வேலை இருக்கும் என்று தெரியும். அது முடிந்தபின் ஏதாவது ஒரு நாள் நேரில் டேலியில் செய்து காட்ட வரலாமா?'

அந்தச் செய்தியை நான் அப்படியே கணக்கு மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். மாதாமாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். அதற்கு முந்தைய நாட்களில் அவர் யாரையும் பார்க்க மாட்டார். அது தெரிந்த பெண் என்பதே அவருக்குப் போதுமான தகுதியாக இருந்தது. அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டார், செய்து பார்க்கச் சொன்னார், எடுத்துக்கொண்டார்.

நீங்கள் யாரிடம் பேசப்போகிறீர்களோ அவருடைய மாதம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். என்னைப் போன்ற எச்.ஆர். ஆட்களுக்கு மாத முதல் வாரம் சம்பள வேலை, 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். கணக்குக்காரருக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. இந்த நாட்களை ஒட்டிக் கூப்பிட்டால் நல்ல பிள்ளைக்கும் சுள்ளென்று பதில் வரும். லீ பஜார் மண்டிகளில் வேலை கேட்டிருந்தால் வழியே வேறு. அங்கே வாட்ஸ்அப்பை விட நேரில் போவதுதான் மரியாதை. ஆனால் லோடு இறங்கி ஏலமும் பேரமும் நடக்கும் காலை நேரத்தில் போய் நிற்காதீர்கள். வியாபாரம் ஓய்ந்த மதியத்தில் போனால் முதலாளி உட்காரச் சொல்லிப் பேசுவார். ஆலைக்கு மட்டும் சொல்லாமல் வந்து வாசல் காவலரிடம் நிற்க வேண்டாம்.

எதெல்லாம் தொந்தரவாகத் தெரியும் என்பதையும் சொல்கிறேன். தினமும் 'குட் மார்னிங்' படம் அனுப்புவது, மிஸ்டு கால் கொடுப்பது, இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புவது, செய்தியைப் பார்த்ததாக நீலக்கோடு வந்ததும் 'என்ன ஆச்சு சார்?' என்று கேட்பது எல்லாம் உங்கள் பெயரைக் கெடுக்கும். பிள்ளைக்குப் பதிலாக அப்பா கூப்பிடுவது நம் பக்கம் அதிகம். பாசம் புரிகிறது, ஆனால் பிள்ளை தானாகப் பேசாதோ என்ற சந்தேகத்தைத்தான் அது எங்களுக்குத் தரும். சிபாரிசும் அப்படியே. பேட்டையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் வேலையைப் பார்த்த ஒருவர் ஒருமுறை நல்ல வார்த்தை சொன்னால் உதவும். ஒரே நாளில் மூன்று பெரிய மனிதர்கள் கூப்பிட்டால், எடுக்க நினைத்தவரைக்கூட எடுக்கத் தயங்குவோம்.

என் கணக்கில் அளவு இதுதான். முகாம் அன்று மாலை ஒரு செய்தி. சொன்ன நாள் தாண்டி இரண்டு வேலை நாள் கழித்து இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் விட்டு ஒரே ஒரு அழைப்பு. எடுத்ததும் 'இரண்டு நிமிடம் பேசலாமா?' என்று கேட்டுவிட்டு, 'அந்த இடம் இன்னும் இருக்கிறதா சார்?' என்ற ஒரு கேள்வி. இல்லை என்றால் நன்றி சொல்லி, அடுத்த முறை கூப்பிடச் சொல்லி முடித்துவிடுங்கள். அழைப்பையும் எடுக்கவில்லை என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு புதிதாக ஏதாவது படித்து முடித்தாலோ, இருக்கும் வேலையிலிருந்து விடுபடும் தேதி முடிவானாலோ அதைச் சொல்ல எழுதலாம்.

காத்திருக்கும் நாட்களில் மற்ற இடங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். tnprivatejobs.tn.gov.in தளத்தில் உங்கள் விவரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் அடுத்த முகாம் எப்போது என்று கேளுங்கள். தனியார் வேலையில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ரத்தாகாது. நான்கு இடத்தில் கேட்டு வைத்தவருக்கு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தும் அவசரம் வராது.

என்னைப் போல மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எடுக்கவில்லை என்றாலும் ஒரு வரி பதில் அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வரிக்காக ஒரு வீடே காத்திருக்கிறது.