ஒரு பாத்தி, ஐந்து வினாக்கள்

தலைநகரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றின் வேளாண் கழகத்தார் வினாவிடைப் போட்டி ஒன்றுக்கு வினாக்கள் வேண்டினர். மண், விதை, நீர் ஆகிய மூன்றைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இதுவரை கேட்கப்பட்டு வந்தவற்றைப் பார்த்தேன். ‘மண்ணின் வகைகள் எத்தனை?’, ‘விதை முளைக்கத் தேவையான மூன்று பொருள்கள் எவை?’ என்ற போக்கிலேயே எல்லாம் இருந்தன. இவற்றுக்கு விடை சொல்ல மண்ணைத் தொட வேண்டுவதில்லை. புத்தகத்தைத் தொட்டால் போதும். அப்பிள்ளைகளோ வரும் நவம்பர் முதற் பாதியில் பள்ளித் தோட்டத்தில் 10 சதுர மீட்டர்ப் பாத்தியில் கோதுமை விதைக்கப் போகிறார்கள். அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் மட்டும் குறையாது. அந்தப் பருவத்துப் பயிரே குறைந்துவிடும்.

ஆகவே அந்த ஒரு பாத்தியை நினைத்தே ஐந்து வினாக்கள் அமைத்தேன். நம் சங்க அன்பர்களுள் பிறிதொரு பள்ளிக்குச் சென்று இப்பணி செய்வோருக்கும் இவை உதவக்கூடும் என்று, விடைகளோடும் விளக்கத்தோடும் இங்கே தருகிறேன். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு மதிப்பெண்: விடைக்கு ஒன்று, காரணத்துக்கு இரண்டு, ‘பிழை நேர்ந்தால் எப்படிக் கண்டுகொள்வாய்?’ என்பதற்கு ஒன்று.

முதல் வினா: கண்ணாடிக் குப்பியில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் முதலில் அடியில் படிவது எது? கடைசியில் படிவது எது? ஏன்?

முதலில் மணல்; அடுத்து வண்டல்; கடைசியில் களி. பிள்ளைகள் பலர் ‘மணல் கனமானது’ என்று காரணம் சொல்வர். அது சரியன்று. மணலுக்கும் களிக்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு துகளின் பருமனில்தான். விட்டம் பாதியானால் விழும் வேகம் நாலில் ஒன்றாகும். 0.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள மிக நுண்ணிய மணல் 10 சென்டிமீட்டர் நீரில் இறங்க ஏறத்தாழ 45 விநாடி ஆகும். விட்டம் அதில் 25இல் ஒரு பங்கான துகளுக்கு 625 மடங்கு நேரம் வேண்டும்; அதாவது ஏறத்தாழ 8 மணி நேரம். வண்டலுக்கும் களிக்கும் இடையேயுள்ள எல்லை அதுவே. எனவே ஒரு நிமிடம் கழித்து ஒரு கோடும், எட்டு மணி கழித்து இன்னொரு கோடும், நீர் தெளிந்தபின் மூன்றாவது கோடும் குப்பியின் மேல் இட வேண்டும்.

நம் பாத்தி மண்ணில் படிவின் மொத்த உயரம் 4 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மணல் 1.8, வண்டல் 1.4, களி 0.8 என்றால் நூற்றுக்கு 45, 35, 20 ஆகிறது. இதுதான் நம் ஊரில் இருவாட்டி என்றும், இங்குள்ள உழவர் தோமட் என்றும் சொல்லும் மண். இச்சோதனையில் ஒரு பிழை எளிதில் நுழையும். களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால் அவை மணலோடு மணலாய் விரைந்து விழுந்துவிடும். அடியில் படிந்ததைச் சிறிது எடுத்து விரலிடையே தேய்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். மணல் நறநறக்கும், களிக்கட்டி வழுக்கும். சிறிது சலவைச் சோடா சேர்த்து நெடுநேரம் குலுக்கினால் கட்டிகள் பிரிந்துவிடும். மேலும், களி நீரை ஏந்திப் பொதுபொதுவென்று படிவதால் அதன் பங்கு உண்மையைவிடச் சற்று மிகுதியாகவே தோன்றும் என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வினா: நீரில் மூழ்கிய விதையெல்லாம் முளைக்குமா?

நெல்லை நீரிலிட்டுப் பதர் நீக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆதலால் தமிழ்ப் பிள்ளைகள் ‘ஆம்’ என்று சொல்லிவிடுவர். மிதப்பது பெரும்பாலும் பொக்கு என்பது மெய். மூழ்குவதெல்லாம் உயிருள்ளது என்பது மெய்யன்று. சூட்டிலோ ஈரத்திலோ கிடந்து உயிரிழந்த விதையும் எடை குறையாமல் மூழ்கத்தான் செய்யும். எடையைச் சோதிப்பது வேறு, உயிரைச் சோதிப்பது வேறு.

உயிரைச் சோதிக்க நூறு விதைகளை எண்ணி, ஈரத் துணியிலோ தாளிலோ ஒன்றையொன்று தொடாமல் பரப்பிச் சுருட்டி வைக்க வேண்டும். பெரிய விதைகளாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கைக்கு வந்தபடி எடுக்க வேண்டும். கோதுமைக்கு 20 பாகை வெப்பம் ஏற்றது. நான்காம் நாள் ஒருமுறையும் எட்டாம் நாள் ஒருமுறையும் எண்ண வேண்டும். வேரும் குருத்தும் ஒழுங்காக வந்த நாற்றை மட்டுமே கணக்கில் கொள்க. வேர் மட்டும் எட்டிப்பார்த்து நின்றதைச் சேர்த்தால் கணக்குப் பொய்க்கும். பத்து விதை வைத்துப் பார்த்தால் போதாதா எனின், போதாது. பத்தில் ஒரு விதை தவறினாலே நூற்றுக்குப் பத்து குறைந்துவிடும்.

சான்றளித்த கோதுமை விதைக்கு இந்தியாவில் வகுத்துள்ள குறைந்த முளைப்புத்திறன் நூற்றுக்கு 85. ஹெக்டேருக்கு 100 கிலோ விதை என்ற கணக்கில் நம் பாத்திக்கு 100 கிராம் வேண்டும். சோதனையில் 68 விதையே முளைத்தால் என் செய்வது? 100ஐ 85ஆல் பெருக்கி 68ஆல் வகுத்தால் 125 கிராம் வருகிறது. 25 கிராம் கூட்டிப் போட வேண்டும். ஆனால் முளைப்பு மிகத் தாழ்ந்திருந்தால் இக்கணக்கு உதவாது. முளைத்தவையும் நலிந்தே வரும். விதையை மாற்றுவதுதான் வழி. துணியில் நீர் தேங்கி, விதைகள் கொழகொழவென்று அழுகிப் பூசணம் பிடித்திருந்தால் அது விதையின் குற்றமாக இல்லாமல், காற்றின்றி மூச்சடைத்ததாலும் இருக்கலாம். துணியைப் பிழிந்து ஈரம் மட்டும் நிறுத்தி மறுபடி சோதிக்க வேண்டும்.

மூன்றாம் வினா: பறவைகள் கொத்தாமலிருக்க விதையை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தால் என்ன?

கோதுமையின் இளங்குருத்து வெறுமையாக மண்ணைத் துளைத்து வருவதில்லை; ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அவ்வுறை எவ்வளவு நீளுமோ அவ்வளவு ஆழம்தான் அதற்குத் தாங்கும். பழைய நெட்டைக் கோதுமைகளுக்கு உறை நீளம். 1966ஆம் ஆண்டில் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தது. தண்டைக் குட்டையாக்கிய அதே மரபுக்கூறு உறையையும் குட்டையாக்கிவிட்டது. ஆகவே நெட்டைக் கோதுமையைப் போல் ஆழ விதைத்தால் குட்டைக் கோதுமை சரிவர மேலே வராது. அதற்கு 5 சென்டிமீட்டர் ஆழமே ஏற்றது. வெற்றிடம் விழுந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தால் உண்மை தெரியும். விதை இருந்து, இலை மண்ணுக்குள்ளேயே விரிந்து மடிமடியாகச் சுருண்டு மஞ்சளித்துக் கிடந்தால் ஆழம்தான் காரணம். விதையே இல்லையென்றால் பறவையோ எறும்போ காரணம் என்க.

நான்காம் வினா: ஈரமுள்ள மண்ணில் விதைத்த கோதுமைக்கு முதல் தண்ணீர் எப்போது?

விதைத்து 20 முதல் 25 நாளுக்குள் என்பது விடை. பயிர் வாடுவதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கோதுமைக்கு இரு தொகுதி வேர்கள் உண்டு. விதையிலிருந்து பிறப்பவை முதல் தொகுதி. மண்ணின் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டருக்குள், தண்டின் அடிக்கணுக்களில் பிறப்பவை இரண்டாம் தொகுதி. கீழே ஈரமிருப்பதால் முதல் வேர்கள் பயிரைப் பசுமையாக வைத்திருக்கும். ஆனால் மேல் மண் காய்ந்திருந்தால் இரண்டாம் வேர்கள் இறங்க மாட்டா. அவை இறங்காவிட்டால் தூர் கட்டாது. தூர் குறைந்தால் கதிர் குறையும். இலை பச்சையாயிருப்பதைக் கண்டு ஏமாறுவது இங்கேதான்.

நாளை எண்ணுவதோடு, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்ப்பதும் நலம். விதைக்கு மேலே வெண்மையாய்த் தடித்த சிறு முனைகள் தோன்றியிருந்தால் நேரம் வந்துவிட்டது. குளிர் மிகுந்தோ விதைப்புப் பிந்தியோ இருந்தால் சில நாள் தள்ளிப்போகும். இதற்கிடையே நல்ல மழை பெய்து மேல் மண் நனைந்திருந்தால் பாய்ச்ச வேண்டுவதில்லை.

ஐந்தாம் வினா: எத்தனை வாளி?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நின்ற நீர் ஒரு லிட்டர். இதைப் பிள்ளைகள் கைவசம் வைத்திருந்தால் மற்றவை தாமே வரும். நம் இருவாட்டி மண், ஒரு மீட்டர் ஆழத்தில், வேர் உறிஞ்சக்கூடிய நீராக ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் தேக்கும். மணலில் அதில் பாதியளவே நிற்கும். களியில் நீர் மிகுதியாக நிற்பினும், பெரும் பகுதியை அது இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்குத் தராது. குப்பிச் சோதனையை முதலில் வைத்ததன் காரணம் இப்போது விளங்கும்.

கோதுமை வேர் இறங்கப்போகும் 60 சென்டிமீட்டர் ஆழத்தைக் கணக்கில் கொண்டால் தேங்கும் நீர் 9 சென்டிமீட்டர். அதில் பாதி தீர்ந்ததும் ஈடுசெய்ய வேண்டும், அதாவது 4.5 சென்டிமீட்டர், அல்லது 45 மில்லிமீட்டர். 10 சதுர மீட்டருக்கு 450 லிட்டர். 15 லிட்டர் வாளியால் 30 வாளி. வயலில் 6 சென்டிமீட்டர் பாய்ச்சுகிறார்களே என்று ஒரு பிள்ளை கேட்டால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம். வாய்க்கால் நீர் வயலின் மறுகோடிவரை பரவ வேண்டும். பாத்தியில் வாளியால் ஊற்றுவோருக்கு அந்தச் செலவு இல்லை.

மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைப் பாத்தியில் அழுத்திப் பார்க்கலாம். நனைந்த மண்ணில் எளிதாக இறங்கி, காய்ந்த மண்ணை எட்டியதும் நின்றுவிடும். 60 சென்டிமீட்டருக்கு வெகு முன்பே நின்றால் நீர் போதவில்லை. கம்பி ஆழமாக இறங்கியும், நாலைந்து நாள் கழித்து இலைகள் மஞ்சளித்தால் நீர் மிஞ்சி வேர்கள் காற்றின்றித் தவிக்கின்றன என்று பொருள். அடுத்த முறை குறைத்து ஊற்ற வேண்டும்.

போட்டி நடத்துவோர்க்கு ஒரு குறிப்பு. இந்த ஐந்து வினாக்களையும் முறை மாற்றிக் கேட்க வேண்டாம். முன்னதன் விடை பின்னதற்கு வேண்டும். இரண்டாம் வினாவுக்கு முன்பே, எட்டு நாளுக்குமுன் சுருட்டி வைத்த ஈரத்துணி ஒன்றை மேசைமேல் தயாராக வைத்திருங்கள். அதை விரித்து நாற்றுகளைப் பிள்ளைகளே எண்ணட்டும். அவர்கள் எண்ணிச் சொல்லும் தொகையைக் கொண்டே அவ்வாண்டு விதையை நிறுத்துப் போடலாம்.