சிறு தொழிலகத்தார் குழு மருத்துவப் பாலிசி எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

கிராமங்களில் எண்ணெய் ஆலை, மாவு மில், கயிற்றுத் தொழிலகம், பால் குளிரூட்டும் நிலையம் முதலியவற்றை நடத்துவோர் பலர் ஐந்து அல்லது எட்டுப் பேரை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒரே மருத்துவப் பாலிசி எடுக்க விரும்பும் உரிமையாளர், ஏஜெண்டு காட்டும் பிரீமியத் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்வது வழக்கமாக இருக்கிறது. பத்திரத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் எட்டுத் தொழிலாளர் உள்ள ஓர் எண்ணெய் ஆலையை உதாரணமாக வைத்துக்கொண்டு ஆராய்வோம்.

1. முதலில் ஆட்களை எண்ணுக

பாலிசி தேடுமுன் வேலையாட்களின் தொகையைக் கணக்கிட வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருப்பின், தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., பொருந்தும். 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோர் அதில் அடங்குவர். 2019 ஜூலை முதல் சம்பளத்தில் உரிமையாளர் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்தி வருகின்றனர். அது சட்டக் கடமையாகும். தனியார் பாலிசி எடுத்துவிட்டதனால் அக்கடமை நீங்கிவிடாது.

நம் உதாரண ஆலையில் எட்டுப் பேரே இருப்பதால் அதற்குக் கட்டாயம் இல்லை. ஆயினும் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏழு பேருக்குக் குறைந்த குழுவை ஏற்பதில்லை. இருவர் விலகிவிட்டால் அடுத்த ஆண்டு புதுப்பிக்க இயலுமா, குடும்பத்தினரையும் சேர்த்துத் தலைக்கணக்கு எடுப்பார்களா என்று முன்னதாகவே கேட்டு வைப்பது நலம்.

2. அறை வாடகை வரம்பு

பத்திரத்தில் பெரும்பாலோர் படிக்காமல் விடும் வரி இதுவேயாகும். ஆனால் தொழிலாளியின் கையிலிருந்து அதிகப் பணம் போவதும் இதனாலேயே. கீழ்க்காணும் கணக்கைப் பார்ப்போம்.

தலைக்கு 2,00,000 ரூபாய் காப்பீடு. ‘அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்’ என்று விதி. எனவே வரம்பு 2,000 ரூபாய். ஒரு தொழிலாளி அறுவைச் சிகிச்சைக்காக ஐந்து நாள் மருத்துவமனையில் தங்குகிறார். கிடைத்த அறையின் வாடகை நாளுக்கு 4,000 ரூபாய். பில் பின்வருமாறு:

அறை வாடகை – 20,000 ரூபாய்.
மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு முதலிய கட்டணங்கள் – 80,000 ரூபாய்.
மருந்து, பரிசோதனைகள் – 20,000 ரூபாய்.
ஆக மொத்தம் – 1,20,000 ரூபாய்.

வாடகையில் கூடுதலான 10,000 ரூபாய் மட்டுமே தம் பொறுப்பு என்று அத்தொழிலாளி எண்ணுவார். நடப்பது வேறு. பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர மருத்துவர் கட்டணமும் அரங்குக் கட்டணமும் உயருகின்றன. ஆகவே வரம்புக்கும் வாடகைக்கும் உள்ள விகிதப்படி, அதாவது இங்கே பாதியாக, அக்கட்டணங்களையும் கம்பெனி குறைத்துவிடுகிறது. வாடகையில் 10,000, கட்டணங்களில் 40,000, மருந்திலும் பரிசோதனையிலும் குறைவின்றி 20,000, ஆக 70,000 ரூபாய் கிடைக்கும். மீதி 50,000 ரூபாயைத் தொழிலாளி கட்ட வேண்டும். இத்துடன் ‘கோ-பேமெண்ட் 10 சதவீதம்’ என்றும் இருந்தால், அந்த 70,000 ரூபாயிலும் 7,000 குறையும்.

இப்பொழுது இரண்டு பாலிசிகளை ஒப்பிடுவோம். கணக்கிற்காக, இவ்வரம்பு உள்ள பாலிசி தலைக்கு 7,000 ரூபாய் என்றும், வாடகை வரம்பு இல்லாதது 8,000 ரூபாய் என்றும் கொள்வோம். எட்டுப் பேருக்கு வேறுபாடு 8,000 ரூபாய். குழுப் பாலிசிக்கு உரிய 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் 9,440 ரூபாய். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பரில் நீக்கப்பட்ட இவ்வரி குழுப் பாலிசிகளுக்கு நீக்கப்படவில்லை. ஆண்டுக்கு 9,440 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக, ஒரு குடும்பத்தை 50,000 ரூபாய்க் கடனில் ஆழ்த்தலாமா என்பதை உரிமையாளர் சிந்திக்க வேண்டும். வரம்புள்ள பாலிசியையே எடுக்க நேர்ந்தால், எந்த வாடகைக்குள் அறை கேட்க வேண்டும் என்பதைத் தொழிலாளர் அனைவருக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

3. காத்திருப்புக் காலம்

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவை பாலிசிக்கு முன்பே இருந்திருப்பின், அவற்றால் நேரும் சிகிச்சைக்கு 36 மாதம் வரை பணம் தராதிருக்கக் கம்பெனிக்கு இடமுண்டு. குடலிறக்கம், கண்புரை போன்ற சில நோய்களுக்கும் தனிக் காலம் வைப்பர். மகப்பேற்றுக்கு ஒன்பது மாதம் என்பது பலவற்றில் காணப்படும்.

குழுப் பாலிசியின் பெரும் பயனே இக்காலங்களைப் பேசி நீக்கிக்கொள்ள முடிவதுதான். ஆனால் ஏஜெண்டின் வாய்ச்சொல் போதாது. பத்திரத்தின் அட்டவணையில் ஒவ்வொரு காத்திருப்புக் காலத்திற்கும் நேரே ‘நீக்கப்பட்டது’ என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாதது நடைமுறையில் இருப்பதாகவே கொள்ளப்படும்.

4. பெயர்ப் பட்டியல்

ஆலையில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று உரிமையாளர் நினைத்துவிடுகிறார். உண்மையில், அவர் பெயரைக் கம்பெனிக்குத் தெரிவித்து, அவருக்குரிய பிரீமியம் கணக்கில் இருந்து, சேர்ப்புப் பத்திரம் வந்த பின்னரே அது உறுதியாகும். பல கம்பெனிகள் இதற்கென உரிமையாளரின் முன்பணம் சிறிது வைத்திருக்கும். அது தீர்ந்திருந்தால் பெயர் ஏறாது. சேர்ந்தவர், விலகியவர், பிறந்த குழந்தை, மணந்த துணைவர் ஆகியோரை எத்தனை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைக் கேட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்து, பெயரும் வயதும் ஆதாரில் உள்ளவாறே இருக்கின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

5. மருத்துவமனை எங்கே?

பட்டியலில் ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் இருப்பதில் பயனில்லை. இரவில் ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடியவை எத்தனை என்பதே கேள்வி. அவற்றின் பெயரைக் கேட்டு, அம்மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் பிரிவில் நேரில் விசாரிக்க வேண்டும். முன்பணமின்றிச் சிகிச்சை கோரினால் ஒரு மணி நேரத்திற்குள் முடிவு சொல்ல வேண்டுமென்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்கு விதித்துள்ளது.

6. இப்பாலிசி செய்யாதவை

ஆலை இயந்திரத்தில் கை சிக்கினால் மருத்துவச் செலவை இப்பாலிசி ஏற்கலாம். ஆனால் ஊனத்திற்கோ மரணத்திற்கோ உரிமையாளர் சட்டப்படி தரவேண்டிய இழப்பீட்டை அது ஏற்காது. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனியே வேண்டும். மேலும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தார் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். தகுதியுள்ள தொழிலாளரைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அதிலும் சேரச் செய்யலாம். குழுப் பாலிசி வேலையுடன் முடிந்துவிடும், அது முடிவதில்லை.

ஏஜெண்டிடம் எழுத்தில் விடை பெறவேண்டிய வினாக்கள்

1. அறை வாடகைக்கு வரம்பு உண்டா? உண்டெனில் பிற கட்டணங்களும் குறையுமா?
2. எந்தெந்தக் காத்திருப்புக் காலம் நீக்கப்பட்டுள்ளது?
3. கோ-பேமெண்ட் எத்தனை சதவீதம்? யாருக்கு?
4. குடும்பம் என்பதில் பெற்றோர் அடங்குவரா?
5. புதியவர் பெயர் எந்நாளிலிருந்து செல்லும்?
6. இவ்வாண்டு பெரிய சிகிச்சை ஒன்று நேர்ந்தால், அடுத்த ஆண்டுப் பிரீமியம் எவ்வாறு கணக்கிடப்படும்?
7. விலகும் தொழிலாளி அதே கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

இரு கம்பெனிகளிடம் இவ்விடைகளைப் பெற்று அருகருகே வைத்துப் பார்த்த பின்னர், இறுதியாகப் பிரீமியத்தை ஒப்பிடுக.